அதே 6.7 சதவீதம், இரண்டு முதிர்வுத் தொகை: தொடர் வைப்பில் காலாண்டு வட்டியும் ஆண்டு வட்டியும்

மாதம் 5,000 ரூபாய். அறுபது தவணை. வட்டி 6.7 சதவீதம். அஞ்சலக ஐந்தாண்டு தொடர் வைப்புக்கு 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதம் இது. வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேரும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. கணக்கு தொடங்கும் நாளில் இருக்கும் வீதமே ஐந்து வருடத்துக்கும் நிற்கும் என்பதால், கணக்கைக் கடைசி வரை தாளில் போட்டுப் பார்க்கலாம்.

இதற்குப் பக்கத்தில் கற்பனையாக இன்னொரு கணக்கை வைப்போம். அதே தவணை, அதே அறுபது மாதம், அதே 6.7 சதவீதம். ஒரே ஒரு வித்தியாசம், வட்டி வருடக் கடைசியில்தான் வரவாகும். இரண்டிலும் போடும் பணம் 3,00,000 ரூபாய். முடிவில் கைக்கு வருவது முதலாவதில் 3,56,836 ரூபாய், இரண்டாவதில் 3,55,432 ரூபாய். வித்தியாசம் 1,404 ரூபாய்.

இந்த 1,404-ஐப் பார்த்ததும் இரண்டு விதமான கேள்வி வரும். "காலாண்டுக் கூட்டுவட்டி என்று பெரிதாகச் சொன்னார்களே, இவ்வளவுதானா?" என்பது ஒன்று. "வீதம் ஒன்றாக இருக்கும்போது ஒரு ரூபாயாவது எப்படி மாறும்?" என்பது இன்னொன்று. முதல் வருடத்தின் பேரேட்டைப் பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதல் பன்னிரண்டு மாதம்

தவணை மாதத் தொடக்கத்தில் கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 27 ரூபாய் 92 காசு. ஒரு காலாண்டுக்குள் கட்டும் மூன்று தவணைகளில் முதலாவது மூன்று மாதம் இருக்கிறது, அடுத்தது இரண்டு மாதம், கடைசியானது ஒரு மாதம். மொத்தம் ஆறு மாத வட்டி, அதாவது 167.50 ரூபாய். இது எல்லாக் காலாண்டிலும் மாறாமல் வரும் தொகை. இதோடு, காலாண்டின் தொடக்கத்தில் கணக்கில் இருந்த மொத்த இருப்புக்கு 1.675 சதவீதம் (6.7-ஐ நான்கால் வகுத்தது) சேரும்.

| காலாண்டு | தொடக்க இருப்பு | மூன்று தவணை | வட்டி | முடிவு இருப்பு |
|---|---|---|---|---|
| 1 | 0 | 15,000 | 167.50 | 15,167.50 |
| 2 | 15,167.50 | 15,000 | 421.56 | 30,589.06 |
| 3 | 30,589.06 | 15,000 | 679.87 | 46,268.92 |
| 4 | 46,268.92 | 15,000 | 942.50 | 62,211.43 |

ஆண்டு வட்டிக் கணக்கில் இப்படி இடையில் நிறுத்திப் பார்க்க எதுவும் இல்லை. முதல் தவணைக்கு 12 மாதம், அடுத்ததற்கு 11, கடைசியானதற்கு 1 என்று கூட்டினால் 78 மாதம். ஒரு மாதத்துக்கு 27.92 வீதம் 2,177.50 ரூபாய் வட்டி. வருடக் கடைசியில் இருப்பு 62,177.50.

முதல் வருட வித்தியாசம் 33 ரூபாய் 93 காசு. இது எங்கிருந்து வந்தது? முதல் காலாண்டின் வட்டியான 167.50 அடுத்த மூன்று காலாண்டும் அசலாக உழைத்தது. இரண்டாம் காலாண்டின் வட்டி அடுத்த இரண்டு காலாண்டு உழைத்தது, மூன்றாவதன் வட்டி ஒரு காலாண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால், ஏறத்தாழ 2,010 ரூபாய் ஒரே ஒரு காலாண்டு வட்டி சம்பாதித்ததற்குச் சமம். 2,010-க்கு 1.675 சதவீதம் 33.67. மிச்சமுள்ள 26 காசு, அந்த வட்டிக்கும் வட்டி. ஆண்டு வட்டிக் கணக்கில் இதே பணம் வருடக் கடைசி வரை வரவாகாமல் காத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். வீதம் ஒன்றுதான், ஆனால் வட்டி எந்த நாளில் அசலாக மாறுகிறது என்பது வேறு.

இதையே நான்கு காலாண்டுக்கும் பெருக்கி வைத்தால், காலாண்டுக்கு ஒருமுறை சேரும் 6.7 சதவீதம் வருடத்துக்கு ஒருமுறை சேரும் 6.87 சதவீதத்துக்குச் சமமாகிறது. இந்த 0.17 சதவீதம்தான் எல்லாக் கூத்துக்கும் காரணம்.

வித்தியாசம் எந்தத் தவணையில் ஒளிந்திருக்கிறது

தொடர் வைப்பை ஒரே வைப்பாக நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. அது அறுபது தனித்தனி வைப்புகளின் கட்டு. முதல் தவணை அறுபது மாதம் இருக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம். முதல் 5,000 ரூபாய் காலாண்டு வட்டியில் 6,970 ஆகிறது, ஆண்டு வட்டியில் 6,915. அந்த ஒரு தவணையிலேயே 55 ரூபாய் வித்தியாசம். கடைசிக் காலாண்டில் கட்டும் மூன்று தவணைகளுக்கோ வித்தியாசம் ஒரு காசும் கிடையாது. அவற்றின் வட்டி எந்தக் கணக்கிலும் ஒரே நாளில்தான் வரவாகிறது.

1,404 ரூபாயை, எந்த வருடம் கட்டிய தவணைகள் எவ்வளவு கொண்டுவந்தன என்று பிரித்தால் இப்படி வரும்:

| தவணை கட்டிய வருடம் | முதிர்வில் கிடைக்கும் கூடுதல் (ரூ.) |
|---|---|
| முதலாவது | 560 |
| இரண்டாவது | 403 |
| மூன்றாவது | 265 |
| நான்காவது | 142 |
| ஐந்தாவது | 34 |

முதல் இரண்டு வருடத் தவணைகளே 963 ரூபாயைக் கொண்டுவந்துவிடுகின்றன. கடைசி வருடத்தில் கட்டும் 60,000 ரூபாய் வெறும் 34 ரூபாய்தான் கூட்டுகிறது. ஆகவே ஒரு வருடத் தொடர் வைப்பு போடுகிறவர், காலாண்டா ஆண்டா என்று விசாரித்து அலைவதில் பொருள் இல்லை. மாதம் 5,000-க்கு 34 ரூபாய்தான் விவகாரம்.

இதே 3,00,000 ரூபாயை முதல் நாளே மொத்தமாக எஃப்.டி. போட்டிருந்தால் காலாண்டு வட்டியில் 4,18,220 வரும், ஆண்டு வட்டியில் 4,14,900 வரும். வித்தியாசம் 3,320 ரூபாய். தொடர் வைப்பில் அதில் பாதிகூட வராததற்குக் காரணம், பணம் சராசரியாக 30 மாதம்தான் கணக்கில் இருக்கிறது என்பது. துல்லியமாகச் சொன்னால் முப்பதரை மாதம். எஃப்.டி.க்கான கூட்டுவட்டி அட்டவணையைப் பார்த்துவிட்டு ஆர்.டி.யில் அதே அளவு எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மூன்று லட்சத்துக்கு ஏறத்தாழ 56,800 ரூபாய் வட்டி, அது 18.9 சதவீதம், ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 3.8 சதவீதம், 6.7 என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று கவுண்டரில் நின்று சண்டை போடுவது. வகுக்க வேண்டியது ஐந்து வருடத்தால் அல்ல. பணம் உண்மையில் இருந்த இரண்டரை வருடச் சொச்சத்தால்.

முதிர்வுத் தொகையைப் பார்த்தே முறையைக் கண்டுபிடிப்பது

தொடர் வைப்பில் காலாண்டுதோறும் வட்டி கைக்கு வருவதில்லை. பாஸ்புக்கில் தவணைகள் மட்டும் வரிசையாக இருக்கும், வட்டி பெரும்பாலும் கடைசியில் மொத்தமாகத் தெரியும். அதனால் சொன்ன முறையில்தான் கணக்கிட்டார்களா என்று சரிபார்க்க முதிர்வுத் தொகையே சாட்சி. மாதம் 5,000, அறுபது மாதம், 6.7 சதவீதம் என்ற இந்தக் கணக்கில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணைத் தருகிறது:

| வட்டி முறை | முதிர்வுத் தொகை (ரூ.) |
|---|---|
| முழுக்கத் தனிவட்டி | 3,51,088 |
| ஆண்டுக்கு ஒருமுறை | 3,55,432 |
| காலாண்டுக்கு ஒருமுறை | 3,56,829 முதல் 3,56,836 வரை |
| மாதத்துக்கு ஒருமுறை | 3,57,182 |

கையில் கொடுத்த சீட்டில் 3,55,400-ஐ ஒட்டி எண் இருந்தால், வாயால் காலாண்டு என்று சொன்னாலும் கணக்கு ஆண்டு வட்டியில்தான் போடப்பட்டிருக்கிறது. 3,51,088 என்றால் கூட்டுவட்டியே இல்லை. இந்தத் தனிவட்டிக்கும் காலாண்டுக்கும் உள்ள இடைவெளி 5,700 ரூபாய்க்கு மேல். உண்மையில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் அதுதான். காலாண்டா ஆண்டா என்ற கேள்வி அதற்குப் பிறகு வருவது.

காலாண்டு வரியில் ஏன் இரண்டு எண்? காலாண்டுக்குள் இருக்கும் உடைந்த மாதங்களுக்கு எப்படி வட்டி போடுகிறார்கள் என்பதில் இரண்டு வழி உண்டு. மேலே பேரேட்டில் செய்தது போல அந்த மாதங்களுக்குத் தனிவட்டி போட்டால் 3,56,836. பாடப்புத்தகச் சூத்திரம் ஒரு காலாண்டின் மூன்றில் ஒரு பங்கை அடுக்காகவே எடுத்துக்கொள்கிறது, அதில் 3,56,829 வரும். ஏழு ரூபாய் வித்தியாசத்துக்கு யாரையும் சந்தேகிக்க வேண்டாம். சூத்திரம் இது:

```
M = R × [(1+i)^n − 1] / [1 − (1+i)^(−1/3)]
R = 5000,  i = 0.067/4,  n = 20
```

இதில் `n` என்பது காலாண்டுகளின் எண்ணிக்கை, மாதங்கள் அல்ல. இங்கே 60 என்று போட்டுவிட்டு வந்த தொகையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் உண்டு.

எக்செல்லில் போடுகிறவர்கள் செய்யும் தவறு வேறு. வீதத்தைப் பன்னிரண்டால் வகுத்து நேராக `FV`-க்குள் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது மாதக் கூட்டுவட்டி, 3,57,182 என்று 353 ரூபாய் கூடுதலாகக் காட்டும். பிறகு முதிர்வு நாளில், குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்ற புகார் கிளம்பும். காலாண்டு வீதத்துக்கு ஈடான மாத வீதத்தை முதலில் எடுக்க வேண்டும்:

```
தவறு:  =FV(0.067/12, 60, -5000, 0, 1)
சரி:   =FV((1+0.067/4)^(1/3)-1, 60, -5000, 0, 1)
```

கடைசியில் உள்ள 1-ஐ விட்டுவிடக் கூடாது. தவணை மாதத் தொடக்கத்தில் கட்டப்படுகிறது என்பதைச் சொல்வது அதுதான். அதை விட்டால் ஒவ்வொரு தவணையும் ஒரு மாதம் தாமதமாகக் கட்டியது போல எக்செல் எடுத்துக்கொள்ளும், தொகை இரண்டாயிரம் ரூபாய்க்கு அருகில் குறையும்.

எத்தனை சதவீதம் கூட இருந்தால் ஆண்டு வட்டி ஈடாகும்

இரண்டு இடங்களில் வீதமும் முறையும் வேறு வேறாக இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு உண்மையில் உதவும். காலாண்டில் 6.7 தரும் 3,56,836-ஐ ஆண்டு வட்டியில் எட்ட 6.86 சதவீதம் அளவுக்கு வேண்டும். ஆண்டு வட்டியில் 6.8 தந்தால் 3,56,328 மட்டுமே வரும், போதாது. 6.9 தந்தால் 3,57,227 வந்து காலாண்டை முந்திவிடும்.

எனவே இந்த வீதங்களை ஒட்டிய ஐந்தாண்டு ஆர்.டி.யில், ஆண்டு வட்டித் திட்டம் 0.2 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தாலே போதும், காலாண்டு என்ற வார்த்தைக்கு மதிப்பில்லாமல் போகிறது. 0.1 மட்டும் கூடுதல் என்றால் காலாண்டே மேல். வீதம் உயர உயர இந்த எல்லையும் உயரும். 6.7-க்கு 6.87 ஈடாவது போல, காலாண்டில் 9 சதவீதம் என்பது ஆண்டில் 9.31-க்குச் சமம்.

1,404 ரூபாய் எங்கே போகும்

காலாண்டு வட்டியால் வரும் லாபத்தை அளந்த பிறகு, அதைத் தின்றுவிடக்கூடியவற்றையும் அதே தராசில் வைக்க வேண்டும். அஞ்சலகக் கணக்கில் தவணை தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். 5,000 ரூபாய்த் தவணைக்கு அது 50 ரூபாய். அந்தத் தவணை ஒரு மாதத்தில் ஈட்டும் வட்டியோ 28 ரூபாய்க்கும் கீழே. ஐந்து வருடத்தில் 28 முறை தாமதித்தால் காலாண்டு வட்டியின் கூடுதல் மொத்தமும் அபராதமாகத் திரும்பிவிடும். அதற்கு முன்னாலேயே வேறொரு சிக்கல் வந்துவிடும், நான்கு தவணை விட்டுப்போனால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பித்தாக வேண்டும்.

கணக்கை மாதத்தின் முதல் பாதியில், அதாவது 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் அடுத்தடுத்த தவணைகளுக்கும் 15-ஆம் தேதிதான் எல்லை. அதற்குப் பிறகு தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நேரம் இருக்கிறது. சம்பளம் மாதக் கடைசியில் வருகிறவர் முதல் வாரத்தில் கணக்கைத் தொடங்குவது, அபராதத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல.

அதே திட்டத்தில் எதிர்த்திசையிலும் ஒரு விதி இருக்கிறது. பன்னிரண்டு தவணையை ஒரேயடியாக முன்கூட்டிக் கட்டினால், மாதத் தவணையின் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 40 ரூபாய் தள்ளுபடி. ஆறு தவணைக்கு என்றால் 10 ரூபாய் மட்டுமே, அது அவ்வளவு சுகமில்லை. 5,000 ரூபாய்க் கணக்கில் வருடத் தள்ளுபடி 2,000 ரூபாய். அந்தப் பணத்தை முன்கூட்டிக் கட்டாமல் 4 சதவீதச் சேமிப்புக் கணக்கில் வைத்து மாதாமாதம் எடுத்துக் கட்டியிருந்தால் ஏறத்தாழ 1,100 ரூபாய் வட்டி வந்திருக்கும். அதைக் கழித்தாலும் வருடத்துக்கு 900 மிச்சம். இரண்டே வருடத்தில் காலாண்டு வட்டியின் ஐந்து வருடக் கூடுதலை இது தாண்டிவிடுகிறது. கையில் மொத்தப் பணம் இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பது உண்மைதான், ஆனால் போனஸ் மாதத்தில் பலருக்கும் அது சாத்தியம்.

இடையில் முடிப்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை. மூன்று வருடம் முடிந்த பிறகு அஞ்சலகத் தொடர் வைப்பை மூடலாம். ஆனால் அப்போது 6.7-ம் கிடையாது, காலாண்டும் கிடையாது. சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான். மூன்றாம் வருட முடிவில் பேரேட்டுப்படி இருக்க வேண்டிய இருப்பு 1,99,750. கைக்கு வருவது சுமார் 1,91,350. எட்டாயிரத்துச் சொச்சம் போயிற்று. முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் மூடினாலும் இதே விதிதான், அதுவரை அறுபது தவணையும் தவறாமல் கட்டியிருந்தாலும் சரி. பணம் அவசரமாக வேண்டுமென்றால், மூடுவதற்கு முன்னால் கணக்கின் மேல் கடன் வாங்க முடியுமா என்று கேட்க வேண்டும்: பன்னிரண்டு தவணை கட்டி ஒரு வருடம் ஓடியிருந்தால், இருப்பில் பாதி வரை, ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதத்தில் கிடைக்கும். 6.7-க்கு மேல் 2 என்றால் 8.7 சதவீதம். முதிர்வுக்கு ஆறு மாதம் இருக்கையில் 50,000 ரூபாய் வாங்கினால் 2,175 ரூபாய் வட்டி ஆகும், கணக்கை மூடினால் இழக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.